நார்த்தாமலையில் பிறந்தவனுக்கு எட்டு ராசி கிடையாதாம்!

நார்த்தாமலைப் பக்கம் கல் உடைக்கும் தோழர் ஒருவர், மகளுக்கு வரன் பார்க்கக் கம்ப்யூட்டர் ஜாதகம் எடுத்து வந்தார். நவக்கிரகங்களுக்குக் கீழே ‘வெர்டெக்ஸ்’ என்று புதிதாக ஒரு வரி. விதி குறித்த சந்திப்பைக் காட்டும் புள்ளியாம். பிள்ளை வீட்டார் ஜாதகத்தில் அந்த இடத்தில் கிரகம் இல்லை, ஆகவே இது விதித்த சம்பந்தம் அல்ல என்று சொல்லி, பரிகாரத்துக்கு இரண்டு வாரக் கூலியைக் கேட்கிறார் ஜோதிடர். விதி என்றால் பரிகாரம் எதற்கு? அது நிற்கட்டும். புள்ளியைப் பார்ப்போம்.

இது நம் பஞ்சாங்கத்தில் உள்ள சரக்கே அல்ல. 20-ம் நூற்றாண்டில் எட்வர்டு ஜான்ட்ரோ என்ற அமெரிக்க ஜோதிடர் புகுத்தியது.

தோழர்களே, விஜயாலய சோழீச்சரத்தின் முன் மேற்கே பார்த்து நில்லுங்கள். நேர் மேற்கிலிருந்து தலைக்கு மேலாக நேர் கிழக்குக்கும், அங்கிருந்து பூமிக்கடியில் சுற்றித் திரும்பவும் மேற்குக்கும் ஒரு வளையம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். சூரியன் ஓராண்டில் வானத்தில் சுற்றிவரும் வீதி இந்த வளையத்தை இரண்டு இடத்தில் வெட்டும். மேற்குப் பக்கத்து வெட்டுதான் வெர்டெக்ஸ். அதில் வேறு எந்த மாயமும் இல்லை.

இனிதான் வேடிக்கை. நார்த்தாமலை பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் 10½ பாகையில் இருக்கிறது. ஆகவே அந்த வளையம் வானத்தின் நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் 10½ பாகைக்கு மேல் விலகாது. சூரிய வீதியோ 23½ பாகை வரை விலகுகிறது. விலகிய பகுதியை வளையம் எப்படித் தொடும்? மாசி இரண்டாம் வாரம் முதல் சித்திரை முதல் வாரம் வரையிலும், ஆவணி இரண்டாம் வாரம் முதல் ஐப்பசி முதல் வாரம் வரையிலும் சூரியன் நிற்கும் இடங்களில் மட்டுமே புள்ளி விழும். மேலை நாட்டுக் கணக்கில் அது மீனம், மேஷம், கன்னி, துலாம். மீதி எட்டு ராசியில் இங்கே பிறந்த எவருக்கும் வெர்டெக்ஸ் விழாது! லண்டனில் பிறந்தவனுக்குப் பன்னிரண்டு ராசியும் உண்டு. விதி என்ன, அட்சரேகை பார்த்தா பங்கு போடுகிறது?

இன்னொன்று. வெட்டுப்புள்ளி நேர் உச்சியைக் கடக்கும்போது மேற்கே இருந்தது கிழக்கே போய்விடும், எதிரில் இருந்தது மேற்கே வந்துவிடும். இது நாளொன்றுக்கு இரண்டு முறை நடக்கிறது. அந்த நேரத்தில் ஒரு நிமிஷம் முன்பின் ஆனால் வெர்டெக்ஸ் 180 பாகை தாவி, மேஷத்திலிருந்து துலாத்துக்குப் போகும். தோழரின் மகள் பிறந்த நேரமோ, “பால்காரர் வந்துபோன பிறகு” என்று பாட்டி சொன்னது!

நம் பக்கத்திலிருந்து சிங்கப்பூருக்குப் பிழைக்கப் போகிறார்கள். அந்த ஊர் 1⅓ பாகையில் இருக்கிறது. அங்கே பிறக்கும் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் இரண்டே இடங்களை ஒட்டி, முன்பின் சுமார் 3½ பாகைக்குள்தான் புள்ளி விழும். அப்படியானால் ஒரு ஊர் முழுக்க ஒரே நாளில் ஒரே சந்திப்பா?

இதைத் தோழரிடம் சொன்னோம். ஜாதகத்தை மடித்து வைத்துவிட்டு, பையனுக்கு வேலை நிரந்தரமா, குடிப்பழக்கம் உண்டா என்று விசாரிக்கக் கீரனூருக்குப் பஸ் ஏறிவிட்டார்.