சோதிக்கும் முன் வரைந்து பார்ப்போம்

பிரதமரின் கிசான் திட்டத்தில் நடந்த முறைகேடு 2020-இல் வெளிவந்தபோது, விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களின் பெயர்களே அதிகம் அடிபட்டன. நிலமுள்ள விவசாயக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாயை மூன்று தவணைகளாக வங்கிக் கணக்கில் செலுத்தும் திட்டம் அது. அதில் தகுதியில்லாத 5 லட்சத்துக்கும் மேற்பட்டோர் தமிழகத்தில் சேர்க்கப்பட்டிருந்தனர் என்றும், சுமார் 110 கோடி ரூபாய் அவர்களுக்குப் போயிருக்கிறது என்றும் அன்றைய வேளாண்மைத் துறை முதன்மைச் செயலாளர் ககன்தீப் சிங் பேடி அறிவித்தார். அலுவலர்களின் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் வெளியாட்கள் கைக்குப் போனதே வழி என்று தெரியவந்தது. சி.பி.சி.ஐ.டி. விசாரித்தது, ஒப்பந்தப் பணியாளர்கள் நீக்கப்பட்டனர், பலர் கைதாயினர், பணத்தின் ஒரு பகுதி திரும்ப வசூலானது.

குற்றவாளிகளைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. பேசாமல் விட்டது ஒன்று உண்டு. அந்த நாட்களில் ஒரு தணிக்கையாளர் 50 தவணைகளை எடுத்துச் சோதித்திருந்தால் என்ன கண்டிருப்பார்? பட்டியலில் பெயர் இருக்கிறது, ஆதார் எண் சரி, வங்கிக் கணக்கு உயிரோடிருக்கிறது, அலுவலர் ஒப்புதல் பதிவாகியிருக்கிறது, ஒப்புதல் தந்த தொகைதான் போயிருக்கிறது. ஐம்பதுக்கும் பச்சை மையில் குறியிட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார். ஒப்புதல் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் சோதனை, அதைத் தந்த கை யாருடையது என்று கேட்பதில்லை.

அதனால்தான் இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனத்தின் தணிக்கைத் தரநிலை 315, கட்டுப்பாடுகள் எப்படி வடிவமைக்கப்பட்டிருக்கின்றன, உண்மையிலேயே நடைமுறையில் இருக்கின்றனவா என்பதை முதலில் புரிந்துகொள்ளச் சொல்கிறது. அந்தப் புரிதலைக் காகிதத்தில் கொண்டுவரப் பழகிய வழிகள் இரண்டு: பாய்வு வரைபடம், உள்கட்டுப்பாட்டு வினாப்பட்டியல்.

திண்டிவனம் பக்கத்து வட்டாரம் ஒன்றில் கிசான் விண்ணப்பம் நடக்கும் பாதையை வரைவதாக வைத்துக்கொள்வோம். தாளில் ஐந்து பத்திகள்: விண்ணப்பதாரர், பதிவு செய்யும் மையம், கிராம நிர்வாக அலுவலர், வட்டார வேளாண்மை அலுவலகம், மாவட்ட அலுவலகம். வேலை செய்யும் இடத்தில் செவ்வகம், முடிவெடுக்கும் இடத்தில் சாய்சதுரம், கைமாறும் ஒவ்வொரு தாளுக்கும் ஓர் அம்பு. சிட்டா நகல் எங்கிருந்து வருகிறது, யார் பார்க்கிறார், பார்த்ததற்கு எங்கே கையெழுத்திடுகிறார், பிறகு எந்தக் கோப்பில் சேர்கிறது என்று ஒன்றுவிடாமல் அம்பு போக வேண்டும்.

வரைந்து முடித்ததும் மூன்று இடங்களைப் பார்த்தால் போதும். முதலாவது, ‘இல்லை’ என்ற கிளையே இல்லாத சாய்சதுரம். நிலம் இல்லாதவர் விண்ணப்பித்தால் அந்தத் தாள் எங்கே திரும்பும் என்பதற்குப் பதில் இல்லையென்றால், அங்கே முடிவெடுப்பதாகச் சொல்வது பேருக்குத்தான். இரண்டாவது, பதிவும் ஒப்புதலும் ஒரே பத்தியில் விழுவது. விதிப்படி இரண்டும் இருவர் வேலையாக இருக்கும்; ஆனால் உதவி இயக்குநரின் கடவுச்சொல்லை வைத்துக் கணினியில் தட்டுபவர் ஒப்பந்தப் பணியாளர் என்றால், படத்தில் இரண்டு செவ்வகங்களும் அவர் பத்திக்குத்தான் போக வேண்டும். மூன்றாவது, எங்கும் போய்ச் சேராமல் நடுவில் நிற்கும் அம்பு. சிட்டா நகல் வாங்கப்படுகிறது, ஆனால் யாரும் அதைப் பட்டியலோடு ஒப்பிடுவதில்லை என்பதை அது காட்டிக்கொடுக்கும்.

அரசாணையைப் பார்த்து வரைந்தால் இந்தப் படம் எப்போதும் அழகாகத்தான் வரும். வேலை செய்பவரின் பக்கத்தில் உட்கார்ந்து, நேற்று வந்த ஒரு விண்ணப்பத்தைக் கையில் எடுத்து, அது போன வழியெல்லாம் கூடவே போய் வரைய வேண்டும். அரசாணைப் படமும் நடைமுறைப் படமும் எங்கே பிரிகின்றனவோ, சோதனையை அங்கிருந்து தொடங்க வேண்டும்.

வினாப்பட்டியலுக்கும் இதே கதைதான். ‘கடவுச்சொல்லை யாருடனாவது பகிர்கிறீர்களா?’ என்று கேட்டால் தமிழகத்தின் எந்த அலுவலகத்திலும் ‘இல்லை’ என்றே பதில் வரும். பதிலாக ஒரு சான்று வந்து நிற்கும்படி கேள்வியை அமைக்க வேண்டும். அலுவலர் விடுப்பில் இருந்த நாட்களில் அவர் பெயரில் ஒப்புதல் பதிவாகியிருக்கிறதா? கடைசியாகக் கடவுச்சொல் மாற்றப்பட்டது எப்போது? பணியாளர் ஒருவர் விலகினால் மாற்றும் பொறுப்பு யாருடையது? ஒரே நாளில் எத்தனை ஒப்புதல்கள் போயின? இந்தக் கடைசிக் கேள்விக்கு மனக்கணக்கே போதும். ஒரு விண்ணப்பத்தைச் சிட்டாவோடு ஒப்பிடப் பத்து நிமிடம் என்றால், எட்டு மணி நேரத்தில் 48தான் முடியும். ஒரு நாளில் ஐந்நூறு பதிவாகியிருந்தால், யாருமே ஒப்பிடவில்லை அல்லது ஒப்பிட்டவர் அலுவலர் இல்லை என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

இந்தப் படத்துக்கும் எல்லை உண்டு. பதிவு மையம், கிராம நிர்வாக அலுவலர், வட்டார அலுவலர் மூவரும் கூட்டுச் சேர்ந்தால் எந்தப் படமும் தடுக்காது. பணியாளர் மாறினாலோ இணையதளத்தில் புது வசதி வந்தாலோ பழைய படம் பொய்யாகிவிடும். விவசாயிகள் தாங்களே இணையத்தில் பதிவு செய்யும் வசதி வந்தது அப்படிப்பட்ட மாற்றம்தான். முன்பு அலுவலகத்தில் தொடங்கிய அம்பு, அதன் பிறகு எந்த ஊரின் எந்தக் கணினியிலிருந்தும் தொடங்கலாம் என்றாயிற்று. ஆகவே படத்தில் தேதி இருக்க வேண்டும். படம் வரைந்ததாலேயே மாதிரிச் சோதனையை விட்டுவிடவும் கூடாது. எந்த 50-ஐ எடுப்பது என்பதைப் படம் சொல்லும்: ஒரே கைபேசி எண்ணில் வந்தவை, விடுமுறை நாளில் ஒப்புதல் பெற்றவை, வெளி மாவட்ட முகவரி கொண்டவை.

இதைத் தணிக்கையாளர் தலையில் மட்டும் கட்ட முடியாது. தன் வேலை உண்மையில் எப்படி நடக்கிறது என்று தயங்காமல் சொல்ல வேண்டியவர் ஒப்பந்தப் பணியாளர். அப்படிச் சொன்னதற்காக அவரைத் தண்டிக்க மாட்டோம் என்று உறுதி தர வேண்டியவர் மேலதிகாரி. கடவுச்சொல்லைக் கைமாற்றுவது பெரும்பாலும் தீய எண்ணத்தால் நடப்பதில்லை. ஆள் பற்றாக்குறை, களப்பணி, ‘இன்றைக்குள் முடி’ என்ற நெருக்கடி ஆகியவையே காரணம். அதைப் படத்தில் பார்க்கும் மாவட்ட நிர்வாகம், கண்டிப்பதோடு நில்லாமல் ஆளும் நேரமும் ஒதுக்க வேண்டும். யாருக்கு நிலம் இருக்கிறது என்று ஊராருக்குத் தெரியாமல் இருக்காது. பயனாளிகள் பட்டியலைக் கிராம சபையில் வாசிப்பதை அந்தப் படத்தில் ஒரு சாய்சதுரமாகவே சேர்க்கலாம். ஆட்சேபம் வந்தால் பெயர் எங்கே திரும்பும் என்ற அம்போடு. கேட்க வேண்டிய பொறுப்பு அப்போது நமக்கும் வந்து சேரும்.

விழுப்புரம் மாவட்டம் இதைச் சிறிதாகவே தொடங்கலாம். பணம் கைமாறும் ஒரு திட்டத்தை எடுத்து, மயிலம், ஒலக்கூர், விக்கிரவாண்டி என மூன்று வட்டாரங்களில் தனித்தனியே வரையச் சொல்லலாம். ஒரே விதியின் கீழ் நடக்கும் ஒரே வேலைக்கு மூன்று விதமான படங்கள் வந்தால், அவை வேறுபடும் இடங்களே அடுத்த தணிக்கையின் முதல் பக்கம்.