கடைக்குப் புதுப் பெயர்: ஆள் மாறவில்லை என்று எப்படிச் சொல்வது?

கேள்வி: காங்கயம் பக்கம் அப்பாவும் மகளும் மரச்செக்கு எண்ணெய்க் கடை நடத்துகிறார்கள். பேருந்து நிலையம் அருகே அதே பெயரில் இன்னொரு கடை வந்துவிட்டதால், தங்கள் கடையின் பெயரையும் சின்னத்தையும் மாற்றப்போகிறார்கள். பழைய வாடிக்கையாளர்கள் விலகிப் போகாமல் இருக்க என்ன செய்வது என்று மகள் கேட்டிருக்கிறார்.

பதில்: பலகை மாறியதும் வாடிக்கையாளருக்கு முதலில் வரும் சந்தேகம், "கடையை வித்துட்டாங்களோ?" என்பதுதான். எண்ணெய் விஷயத்தில் அது பெரிய சந்தேகம். கை மாறினால் கலப்படம் வரலாம் என்று நினைப்பார்கள். அதனால் நோட்டீசில் புதுப் பெயரின் பெருமையை எழுதவே வேண்டாம். மாறாதவற்றை முதலில் எழுதுங்கள். இப்படி இருக்கலாம்:

"நமது (பழைய பெயர்) கடை, தை முதல் நாளிலிருந்து (புதுப் பெயர்) என்ற பெயரில் இயங்கும். அதே இடம், அதே செக்கு, அதே ஆட்கள், அதே போன் நம்பர். இதே பெயரில் வேறு கடை இருப்பதால் பெயரை மட்டும் மாற்றுகிறோம்."

காரணத்தை ஒரே வரியில் சொன்னால் போதும். மற்றக் கடையைப் பற்றி அதற்கு மேல் எழுதினால் வம்பு.

புதுச் சின்னத்தில் பழையதன் ஒரு அடையாளமாவது இருக்கட்டும். எழுத்துப் படிக்காமல் பச்சை மூடியையும் மயில் படத்தையும் பார்த்து வாங்குகிறவர்கள் உண்டு. படம் மாறினால் நிறத்தை விடாதீர்கள்.

புதுப் பலகையில் "முன்பு (பழைய பெயர்)" என்று சின்னதாக எழுதி எத்தனை நாள் வைக்க வேண்டும்? மாதம் ஒரு லிட்டர் வாங்குகிறவருக்கு மூன்று மாதம் போதும். ஆனால் சொந்தக் கடலையைக் கூலிக்கு ஆட்ட வருகிறவர் அறுவடை முடிந்துதான் வருவார். மானாவாரிக்காரர் கார்த்திகைக்குப் பிறகு வந்தால், அடுத்து அதே சமயத்தில்தான் எட்டிப் பார்ப்பார். எனவே ஒரு முழு வருஷம் இருக்கட்டும். அவர்களுக்கு நோட்டீசைவிடப் போனில் ஒரு வார்த்தை சொல்வது மேல்.

லேபிளில் அவசரம் கூடாது. உணவுப் பாதுகாப்புப் பதிவில் உள்ள பெயரும் பாட்டிலில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். முதலில் பதிவில் பெயரை மாற்ற விண்ணப்பித்து, அது மாறிய பிறகு அச்சடியுங்கள். ஜிஎஸ்டி பதிவு இருந்தால் பெயர் மாறிய 15 நாட்களுக்குள் அங்கேயும் தெரிவிக்க வேண்டும். இதைத் தெரியாமல் புது ஸ்டிக்கரை ஆயிரக்கணக்கில் அடித்து வைத்துக்கொண்டு காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.

பலரும் மறப்பது க்யூஆர் அட்டையை. ஸ்கேன் செய்ததும் போனில் பழைய பெயரோ அப்பாவின் பெயரோ வந்தால், பலகையில் வேறு பெயரைப் பார்த்தவர் பணம் அனுப்பத் தயங்குவார். வங்கியில் பெயர் மாறும்வரை, என்ன பெயர் வரும் என்பதை அட்டைக்குக் கீழே பேனாவால் எழுதி ஒட்டிவிடுங்கள்.