jpUtpoh: ஒரு திருவிழா அழைப்பிதழின் கதை

போன வருசத் திருவிழாவுக்கு அழைப்பிதழ் செய்யும் வேலை எங்கட தலையில் வந்து விழுந்தது. அதுவரை மன்னார் டவுனுக்குப் போய் அச்சகத்தில் கையெழுத்துப் பிரதியைக் கொடுத்து வருவதுதான் அரிப்பில் வழக்கம். "உங்களிட்ட போன் இருக்கு, அப் இருக்கு, சும்மா ஏன் காசு?" என்றார்கள் பெரியவர்கள். நாங்களும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சரி என்றோம்.

இலவச செயலி ஒன்றைத் திறந்தோம். அழகான பூ வேலைப்பாடு, தங்க நிறக் கரை எல்லாம் வந்தன. எங்கட ஊரிலே அழைப்பிதழ் என்றால் பாமினி எழுத்துத்தான் எல்லோருக்கும் பழக்கம். அதனால் பாமினியை இறக்கிச் செயலிக்குள் சேர்த்தோம். தலைப்பைத் தமிழ் விசைப்பலகையில் தட்டி பாமினியைத் தெரிவு செய்தால் எழுத்து மாறவே இல்லை. எத்தனை தரம் அழுத்தினாலும் போனில் இருக்கும் அதே சாதாரண எழுத்து.

பிழை போனில் இல்லை. பாமினி யூனிகோட் வருவதற்கு முந்திய காலத்து எழுத்துரு. அதற்குள்ளே 'த' என்ற எழுத்துக்கான இடமே கிடையாது. ஆங்கில j இருக்க வேண்டிய இடத்தில் 'த' வின் வடிவத்தை வரைந்து வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். நாங்கள் தட்டியது யூனிகோட் 'த'. பாமினியில் அது இல்லாததால் போன் தன்னிடம் இருந்த வேறொரு எழுத்துருவை எடுத்துப் போட்டுவிட்டது.

அப்போது ஒருத்தன் மாற்றியைக் கண்டுபிடித்தான். 'திருவிழா' என்று கொடுத்தால் அது இப்படித் திருப்பித் தரும்:

```
jpUtpoh
```

இதை ஒட்டிப் பாமினியைத் தெரிவு செய்தால் 'திருவிழா' பளிச்சென்று வந்தது. கை தட்டினோம். பிறகு முதல் எழுத்தைத் தெரியாமல் அழித்துவிட்டு j யை மறுபடி தட்டினோம். விசைப்பலகை வசனத்தின் தொடக்கம் என்று நினைத்து அதைப் பெரிய J ஆக்கியது. பாமினியில் J என்றால் 'து'. தலைப்பில் 'து' வும் அதன் பின்னால் ஒரு விசிறியும் சேர்ந்து நின்றன. அது கண்ணில் பட்டதால் தப்பினோம். ஆனால் உள்ளே இருபது வரி இருந்தது. அங்கே இப்படி ஒன்று மாறியிருந்தால்? திரையில் திருத்தும்போது jpUtpoh என்பதை யார் வாசித்துச் சரிபார்ப்பது?

எங்கட கருத்து இதுதான்: போனில் செய்யும் அழைப்பிதழுக்குப் பாமினி வேண்டாம். யூனிகோடில் தட்டுங்கள், யூனிகோட் எழுத்துருவைப் போடுங்கள். அழகான எழுத்துக்குப் பஞ்சமில்லை. கூகுள் ஃபொன்ட்ஸில் காசில்லாமல் கிடைக்கிற கவிவாணர், இலங்கைக்காரரான தாரிக் அஸீஸ் வடிவமைத்தது. தலைப்புக்கு அது நல்லாயிருக்கும். விவரங்களுக்கு முக்த மலர், நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற நேரான எழுத்துப் போதும். பிக்சல்லாபில் நீங்கள் இறக்கிய எழுத்துருவைச் சேர்க்கலாம். கான்வாவில் சொந்த எழுத்துருவை ஏற்றக் காசு கட்டவேணும், ஆனால் அதற்குள்ளேயே தமிழ் எழுத்துருக்கள் இருக்கின்றன.

எழுத்துருவைத் தெரிவு செய்யும் முன் ஒரு வரியைத் தட்டிப் பாருங்கள்: "கொடியேற்றம், ஜெபமாலை, நற்கருணைப் பவனி, ஆகஸ்ட்". 'கொ' வில் கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் நிற்கவேணும். 'ஜெ', 'ஸ்' இரண்டும் மற்ற எழுத்துகளோடு ஒரே தடிப்பில் இருக்கவேணும். அவை மட்டும் மெலிந்தோ பருத்தோ தெரிந்தால் அந்த எழுத்துருவில் கிரந்தம் இல்லை, வேறொன்றில் இருந்து போன் கடன் வாங்கியிருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்து நாங்கள் விட்ட பிழை, தலைப்பை வளைத்தது. வளைவு போட்டதும் 'கொடியேற்றம்' உடைந்துபோனது. கொம்பு ஒரு பக்கம், புள்ளி வட்டம் ஒன்று இன்னொரு பக்கம். காரணம் லேசானது. சில செயலிகள் வளைக்கும்போது ஒவ்வொரு குறியையும் தனித்தனியாக எடுத்து வைக்கின்றன. ஆங்கிலத்துக்கு அது பரவாயில்லை. தமிழில் 'கொ' என்பது க வும் ஒரு குறியும் சேர்ந்து உண்டாகும் வடிவம். பிரித்தால் குறி தனியே நிற்க முடியாமல் புள்ளி வட்டத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். எழுத்து இடைவெளியைக் கூட்டினாலும் சில செயலிகளில் இதே கூத்துத்தான். அதனால் தமிழை நேராக விடுங்கள், எழுத்து இடைவெளியைப் பூச்சியத்தில் வையுங்கள். வரி இடைவெளியை மட்டும் கொஞ்சம் கூட்டுங்கள். எங்கட எழுத்துக்கு மேலே புள்ளியும் விசிறியும், கீழே உகரத்தின் வாலும் இருக்கு. நெருக்கினால் மேல்வரியின் வால் கீழ்வரியின் புள்ளியில் முட்டும்.

இவ்வளவும் திருத்தி வாட்சப்பில் விட்டோம். எல்லாரும் "சுப்பர்" என்றார்கள். அந்தப் படத்தையே அச்சகத்துக்கும் அனுப்பினோம். அங்கே இருந்த அண்ணன் போன் எடுத்தார். "தம்பி, இது போனில பாக்கத்தான் சரி. அடிச்சா புகையாத்தான் வரும்." வாட்சப் படத்தைச் சுருக்கிவிடும் என்பதை நாங்கள் யோசிக்கவே இல்லை. ஏ5 அளவு அட்டை சரியாக அச்சாக வேண்டுமானால் 1748க்கு 2480 புள்ளி வேணும். தொடக்கத்திலேயே அந்த அளவில் பக்கத்தைத் திறக்கவேணும், பிறகு பெருப்பித்துப் பிரயோசனமில்லை. வெட்டும்போது ஓரம் போகும், அதனால் நான்கு பக்கமும் 3 மில்லிமீற்றர் பின்னணியை வெளியே நீட்டி, எழுத்தை உள்ளே தள்ளி வைக்கவேணும். முடித்ததைப் பிடிஎஃப் ஆகச் சேமித்து, வாட்சப்பில் படமாக இல்லாமல் ஆவணமாக அனுப்பினால் குறையாமல் போய்ச் சேரும்.

அந்த அண்ணன் இன்னொன்றும் கேட்டார். "வெஸ்பர் எத்தனை மணிக்கு?" பார்த்தோம். நாள் இருந்தது, நேரம் இல்லை. மூன்று பேர் இரண்டு நாளாகத் தங்கக் கரையின் தடிப்பைப் பற்றிச் சண்டை பிடித்தோம், ஒருத்தரும் அதைக் காணவில்லை. அச்சகத்துக்குக் கொடுக்கிற காசு மைக்கும் அட்டைக்கும் மட்டும் என்று நினைத்திருந்தோம். எழுத்துக் கோக்கிறவர் வாசித்துப் பார்த்து "இது சரியா?" என்று கேட்பதும் அதில் அடக்கம். போன் அவரின் கதிரையை எங்களுக்குத் தந்தது, அவரின் கண்ணைத் தரவில்லை. படகோடு வாடியில் நிற்கிறவரும், கொழும்பில் வேலை செய்து லீவு போட்டு வரவேண்டியவரும் அந்த அட்டையில் தேடுவது நேரத்தைத்தான். பூவை இல்லை.

இந்த வருசம் ஒழுங்கை மாற்றினோம். முதலில் ஒரு கொப்பித் தாளில் நாள், நேரம், யார் பொறுப்பு என்று எழுதி, பங்குத்தந்தையிடம் காட்டி ஒப்பம் வாங்கினோம். அதற்குப் பிறகுதான் செயலியைத் திறந்தோம். செயலி தந்த தென்னைமரப் படத்தை எடுத்துவிட்டு, நாங்களே பிடித்த டோரிக்கின் படத்தைப் போட்டோம். ஆளுநர் நோர்த் 1800களின் தொடக்கத்தில் கட்டி, இப்போது கடல் தின்றுகொண்டிருக்கிற, ஊரில் அல்லிராணிக் கோட்டை என்று சொல்கிற அதே சுவர். முடித்ததை ஊரிலேயே மிகச் சின்னத் திரை உள்ள போன் வைத்திருக்கிற அம்மம்மா ஒருத்தரிடம் கொடுத்து, பெருப்பிக்காமல் சத்தமாக வாசிக்கச் சொன்னோம்.

வாசித்துக்கொண்டே வந்தவர் ஏழாவது வரியில் நின்றார். "இதென்ன பிள்ளையள், ரெண்டு வெள்ளிக்கிழமை?"

கிழமையைத் திருத்திவிட்டுத்தான் அனுப்பினோம்.