ஒழுங்கின்மை என்னும் இரண்டு மார்க் பதில்

இரண்டாம் ஆண்டு மெக்கானிக்கல் மாணவர் யாரை வேண்டுமானாலும் நிறுத்தி, என்ட்ரோபி என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். யோசிக்காமல் பதில் வரும்: "ஒழுங்கின்மையின் அளவு, சார்." இரண்டு மார்க்குக்கு அது போதும். கூடவே உதாரணமும் தயாராக இருக்கும். பனிக்கட்டியில் மூலக்கூறுகள் வரிசையாக நிற்கின்றன, உருகினால் கலைந்துபோகின்றன, ஆகவே என்ட்ரோபி கூடுகிறது. டீயில் பால் ஊற்றினால் கலந்துவிடுகிறது, திரும்பப் பிரிவதில்லை, ஆகவே என்ட்ரோபி கூடுகிறது. சில வகுப்புகளில் ஹாஸ்டல் அறையும் வந்து சேரும். துணிமணி சிதறிக் கிடக்கும் அறைக்கு என்ட்ரோபி அதிகமாம்! அலமாரியில் மடித்து வைத்த சட்டையும் தரையில் கிடக்கும் சட்டையும் ஒரே வெப்பநிலையில் இருந்தால் அவற்றின் என்ட்ரோபியில் சொல்லும்படியான வித்தியாசம் எதுவும் இல்லை. அம்மாக்களின் கோபத்துக்கும் வெப்ப இயக்கவியலுக்கும் சம்பந்தம் கிடையாது.

இந்தப் பதிலை வினாத்தாளிலிருந்தே எடுத்துவிட வேண்டும் என்பது என் கட்சி. பனிக்கட்டியும் டீயும் தாராளமாக இருக்கட்டும். இரண்டாம் விதியைச் சொல்லிக்கொடுக்க அவ்வளவு மலிவான சாதனம் வேறில்லை. ஆனால் அவற்றை வேடிக்கை காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறோம், கணக்காகப் போட வைப்பதில்லை. போட வைத்தால் அந்த இரண்டு மார்க் பதில் அங்கேயே உதிர்ந்துவிடும்.

போட்டுப் பார்ப்போம். 0 டிகிரியில் 100 கிராம் பனிக்கட்டி, 30 டிகிரி அறையில் உருகுகிறது. உருக ஒரு கிராமுக்கு 334 ஜூல் உள்ளுறை வெப்பம் வேண்டும். மொத்தம் 33,400 ஜூல். உருகி முடியும்வரை பனிக்கட்டி 273 கெல்வினிலேயே நிற்பதால், வெப்பத்தை அந்த வெப்பநிலையால் வகுத்தால் போதும். பனிக்கட்டியின் என்ட்ரோபி 122.3 ஜூல்/கெல்வின் கூடுகிறது. பெரும்பாலான வகுப்புகள் இங்கே நின்றுவிடுகின்றன. பாதிக் கணக்குதான் முடிந்திருக்கிறது. அதே 33,400 ஜூலை அறை இழந்திருக்கிறது, அதுவும் 303 கெல்வினில். அறையின் என்ட்ரோபி 110.2 குறைந்திருக்கிறது. இரண்டையும் சேர்த்தால் மிச்சம் 12.1 ஜூல்/கெல்வின், நேர்க்குறியில். இரண்டாம் விதி பேசுவது இந்தக் கூட்டுத்தொகையைப் பற்றித்தான்.

இப்போது அறையின் வெப்பநிலையை மட்டும் மாற்றுங்கள். 1 டிகிரி அறையிலும் அந்தப் பனிக்கட்டி உருகும். அதன் கணக்கில் அதே 122.3தான் ஏறும், ஏனென்றால் மூலக்கூறுகள் அதே அளவுதான் கலைகின்றன. அறை இழப்பது மட்டும் 121.9 ஆகிறது, கூட்டுத்தொகை அரைக்கும் கீழே இறங்குகிறது. இனி அந்த நீரை மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் வையுங்கள். உறையும்போது நீர் 122.3ஐ இழக்கிறது. ஃப்ரீசரின் உட்புறம் 33,400 ஜூலை 255 கெல்வினில் வாங்கிக்கொள்வதால் 131 பெறுகிறது. நிகர லாபம் சுமார் 8.6. ஆகவே நீர் உறைகிறது, மூலக்கூறுகள் தாமாகவே வரிசையில் போய் நிற்கின்றன.

மூன்று கணக்கிலும் பனிக்கும் நீருக்கும் உள்ள என்ட்ரோபி வித்தியாசம் மாறவேயில்லை. உருகுமா உறையுமா என்று தீர்மானித்தது சூழலின் வெப்பநிலை. 'வரிசை கலைகிறது' என்ற விளக்கத்தில் அறையின் வெப்பநிலை எங்கேயாவது வருகிறதா? வரவே வராது. அந்த விளக்கத்தை மட்டும் நம்பும் மாணவனுக்கு, ஃப்ரீசரில் ஐஸ் பிடிப்பது இயற்கை விதியை மீறிய காரியமாகத்தான் தோன்ற வேண்டும்.

"ஃப்ரீசர் தனித்த அமைப்பு இல்லையே, தனித்த அமைப்பில் ஒழுங்கின்மைதானே கூடும்" என்று ஒரு வாதம் வரும். அதையும் பார்த்துவிடலாம். சுத்தமான நீரை அசைக்காமல் குளிரவிட்டால் 0 டிகிரிக்குக் கீழேயும் உறையாமல் நிற்கும். மைனஸ் 10 டிகிரியில் அப்படி நிற்கும் 100 கிராம் நீரை, வெப்பம் உள்ளே வெளியே போகாத ஒரு ஃபிளாஸ்க்கில் வைத்திருப்பதாகக் கொள்வோம். ஒரு தட்டுத் தட்டினால் பனி பரவத் தொடங்கும். உறையும் நீர் விடும் வெப்பம் மொத்தத்தையும் 0 டிகிரிக்கு ஏற்றும். அதற்கு 4,180 ஜூல் வேண்டும், அதாவது சுமார் 12.5 கிராம் பனி உண்டாக வேண்டும். வெப்பநிலை ஏறியதால் வந்த என்ட்ரோபி 15.6, உறைந்ததால் போனது 15.3. நிகரம் சுமார் 0.3 ஜூல்/கெல்வின், நேர்க்குறிதான். தனித்த அமைப்பு, வெளியிலிருந்து ஒரு ஜூல்கூட வரவில்லை, உள்ளே படிகம் முளைத்திருக்கிறது, என்ட்ரோபியும் கூடியிருக்கிறது.

ஒழுங்கின்மைக் கட்சிக்காரர் விடமாட்டார். வெப்பநிலை ஏறியதால் மூலக்கூறுகளின் ஓட்டத்தில் ஒழுங்கின்மை கூடிவிட்டது என்பார். சரி, இடத்தில் குறைந்தது அதிகமா, ஓட்டத்தில் கூடியது அதிகமா என்று அவருக்கு எப்படித் தெரியும்? நான் போட்ட கணக்கைப் பார்த்துத்தான். விடை வந்த பிறகு விடைக்கேற்ப ஒழுங்கின்மையைத் தேடிக் கண்டுபிடிக்கிறார். முன்கூட்டி எதையும் சொல்லத் தெரியாத விளக்கத்தை வைத்துக்கொண்டு பொறியாளர் என்ன செய்வார்?

டீக்கு வருவோம். மாணவர்கள் உண்மையில் தடுக்கி விழும் இடம் இதுதான். 80 டிகிரியில் 100 கிராம் டீயும், ஆறிப்போன அதே டீ 30 டிகிரியில் 100 கிராமும், வெப்பம் கசியாத ஒரு குவளையில் கலக்கின்றன. வெப்பக் கொள்ளளவில் டீயை நீராகவே எடுத்துக்கொள்ளலாம். கலவை 55 டிகிரிக்கு வரும், அதுவரை எல்லாரும் சரியாகப் போடுவார்கள். என்ட்ரோபி மாற்றம் எவ்வளவு? வகுப்பில் பலர் எழுதுவது: குவளைக்குள் வெப்பம் வரவில்லை, Q பூஜ்யம், ஆகவே ΔS பூஜ்யம். மனப்பாடம் செய்த சூத்திரத்தை அப்படியே போட்டால் அப்படித்தான் வரும். 'ஒழுங்கின்மை' பதிலை எழுதி முழு மார்க் வாங்கிய பையனும் இங்கே பூஜ்யம்தான் எழுதுகிறான்.

தவறு எங்கே? Q/T என்பது மீள்வழியில் போகும் வெப்பத்துக்குத்தான் செல்லும். குவளைக்குள் நடந்த கலப்பு மீளாதது. என்ட்ரோபியோ தொடக்க நிலையையும் இறுதி நிலையையும் மட்டும் சார்ந்தது. ஆகவே நடந்ததை மறந்துவிட்டு, சூடான டீயைத் தனியாகவும் ஆறிய டீயைத் தனியாகவும் மெல்ல மெல்ல 55 டிகிரிக்குக் கொண்டுபோவதாகக் கற்பனை செய்து கணக்குப் போட வேண்டும். 100 கிராமின் வெப்பக் கொள்ளளவு 418 ஜூல்/கெல்வின். 353 கெல்வினிலிருந்து 328க்கு இறங்கிய டீ இழந்தது 30.7. 303லிருந்து 328க்கு ஏறிய டீ பெற்றது 33.1. வித்தியாசம் 2.43 ஜூல்/கெல்வின். இது எங்கிருந்தும் வரவில்லை, குவளைக்குள்ளேயே பிறந்தது. பிறக்கும் என்ட்ரோபி என்றால் என்னவென்று ஒரு மாணவன் முதன்முதலாகக் கையால் தொடும் இடம் இது. இதைத் தவறவிட்டால் மீதி செமஸ்டர் முழுக்க நீராவி அட்டவணையைப் புரட்டுவதோடு சரி.

இன்னொரு தவறு சத்தமில்லாமல் நடக்கும். மடக்கைக்குள் செல்சியஸைப் போட்டுவிடுவார்கள். 55ஐ 80ஆலும் 30ஆலும் வகுத்துக் கணக்கிட்டால் சுமார் 97 வரும். குறி நேர்க்குறியாகவே இருப்பதால் சந்தேகமே வராது. பிடிக்க ஒரு வழி உண்டு. கை மாறிய வெப்பம் 10,450 ஜூல். அது முழுவதும் 353லிருந்து நேராக 303க்குப் பாய்ந்திருந்தால்கூட பிறக்கும் என்ட்ரோபி 5ஐத் தாண்டாது. 97 எப்படி வரும்? இந்த உச்சவரம்பைப் போட்டுப் பார்க்கும் பழக்கத்தை ஊட்டுவது, நூறு தடவை விதியை ஒப்பிக்க வைப்பதைவிட மேல்.

அந்த 2.43க்கு என்ன பொருள் என்று கேட்டால் ஒழுங்கின்மைக்காரரிடம் பதில் இல்லை. பொறியியலில் பதில் உண்டு. அதைச் சூழலின் வெப்பநிலையான 303ஆல் பெருக்குங்கள்: சுமார் 740 ஜூல். ஒரு கிலோ எடையை 75 மீட்டர் உயரத்துக்குத் தூக்கப் போதுமான வேலை. இரண்டு டீக்கும் நடுவே ஓர் இலட்சிய எஞ்சினை வைத்திருந்தால் பெற்றிருக்கலாம், கலந்துவிட்டதால் போய்விட்டது. ஆற்றல் ஒரு ஜூல்கூடக் குறையவில்லை, வேலையாக மாற்றும் வாய்ப்புதான் தொலைந்தது.

இன்னும் ஒரு படி போகலாம். அதே 55 டிகிரி முடிவு வருமாறு, 67.5 டிகிரி டீயையும் 42.5 டிகிரி டீயையும் கலக்குங்கள். வெப்பநிலை இடைவெளி பாதியாகிறது, கை மாறும் வெப்பமும் பாதியாகிறது. பிறக்கும் என்ட்ரோபி மட்டும் 0.61, அதாவது கால்வாசி. ஒரு ஜூல் வெப்பத்துக்கு ஆகும் நஷ்டம் பாதியாகிவிட்டது. அனல்மின் நிலையத்தில் பாய்லருக்குப் போகும் நீரை, டர்பைனின் பல கட்டங்களிலிருந்து எடுத்த நீராவியால் படிப்படியாகச் சூடாக்குவது எதற்கு என்று மாணவர்கள் கேட்பதுண்டு. அதற்கான விடை இந்த டீக் குவளைக்குள்ளேயே இருக்கிறது. அந்த வரிசையில் வரும் திறந்த ஃபீட்வாட்டர் ஹீட்டரில் நீராவியும் நீரும் நேராகவே கலக்கின்றன. அங்கே போடுவதும் இதே கணக்குதான், எண்கள்தான் பெரியவை.

நியாயமாக ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். ஒழுங்கின்மைப் பேச்சு வானத்திலிருந்து விழவில்லை. வியன்னாவில் போல்ட்ஸ்மான் கல்லறையில் பொறித்திருக்கும் சூத்திரம், ஒரு பொருள் தன் ஆற்றலையும் இடத்தையும் மூலக்கூறுகளிடையே எத்தனை விதமாகப் பங்கிட முடியும் என்று எண்ணுகிறது. டீயில் பால் கலப்பதற்கு அந்த எண்ணிக்கைதான் சரியான வழி. வெறும் வெப்பக் கணக்கு அங்கே போதாது. ஆனால் எண்ணுவது வேறு, கண்ணுக்குக் கலைந்து தெரிவது வேறு. ஒரே வெப்பநிலையில் இருக்கும் அதே டீயை அதே டீயோடு கலந்து எவ்வளவு ஆற்றினாலும் என்ட்ரோபி மாற்றம் பூஜ்யம்தான். கலக்கினாலே கூடும் என்று படித்தவன் இதை ஒப்புக்கொள்ள மாட்டான்.

'மாணவர்களுக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது ஒன்று வேண்டாமா' என்று ஆசிரிய நண்பர்கள் கேட்கிறார்கள். அமெரிக்க வேதியியலாளர் ஃபிராங்க் லாம்பர்ட் 2002ல் எழுதிய கட்டுரையில் ஒழுங்கின்மையை விரிசல் விட்ட ஊன்றுகோல் என்றார். அவரும் அவரைப் போன்றோரும் விடாமல் வாதாடியதன் பலனாக அங்கே பல பொது வேதியியல் பாடநூல்கள் அந்த விளக்கத்தைக் கைவிட்டு, ஆற்றல் பரவுவது பற்றிப் பேசத் தொடங்கின. நம் பொறியியல் வகுப்புக்கு அதுகூடத் தேவையில்லை. ஒரு ஃபிளாஸ்க், ஒரு வெப்பமானி, ஒரு தராசு, கொஞ்சம் ஐஸ் போதும்.

வினாத்தாள் தயாரிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். "என்ட்ரோபியை வரையறு" என்ற கேள்வியை அடித்துவிட்டு, அந்த இரண்டு மார்க்குக்கு இதைக் கேளுங்கள்: 0 டிகிரியில் 100 கிராம் நீர் மைனஸ் 5 டிகிரி அறையில் உறைகிறது, நீரின் என்ட்ரோபி எவ்வளவு குறைந்தது, அறையினுடையது எவ்வளவு கூடியது, கூட்டுத்தொகையின் குறி என்ன? கால்குலேட்டர் கையில் இருந்தால் இரண்டு நிமிட வேலை.