‘அருமை சார்’ என்ற பொய்

2019 தீபாவளிக்கு முந்திய நாள், நல்ல மழை. சாஆவில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு பழைய மோட்டார் வந்து நின்றது. ஆறாம் ஆண்டில் எனக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்த சார். மழைக்கோட்டுக்குள் நாளிதழ்த் தாளில் சுற்றி, அதற்கு மேல் பிளாஸ்டிக் பை போட்டு, ஒரு புத்தகம் வைத்திருந்தார். அவருடைய முதல் கவிதைத் தொகுப்பு. முதல் பக்கத்தில் என் பெயரும் நான் ஆறாம் ஆண்டு முடித்த வருடமும் எழுதியிருந்தன. “நீ ஜொகூர் பாருலேர்ந்து வந்துட்டேன்னு கேள்விப்பட்டேன். அதான் கையிலயே குடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்யா” என்றார். கோப்பி கூடக் குடிக்கவில்லை.

அன்றிரவே படித்தேன். பிடிக்கவில்லை. தாய்மொழி வாழ்த்து, பொங்கல் வாழ்த்து, தலைவர்களுக்குப் பிறந்தநாள் வாழ்த்து. எந்த ஊரில் இருந்தும் யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கக்கூடிய விருத்தங்கள். யோங் பெங்குக்கும் லாபிசுக்கும் நடுவில், செம்பனைக்காடு சூழ்ந்த ஒரு சின்ன ஊரில் நாற்பது வருடம் பாடம் நடத்திய மனிதரின் புத்தகத்தில் அந்த ஊரே இல்லை. மறுநாள் காலை முன்னாள் மாணவர்களின் புலனக் குழுவில் எழுதினேன்: “அருமை சார். சாஆ மண்ணின் பெருங்கவிஞர் நீங்கள்.” எனக்கு முன்னால் பதினைந்து பேர் ‘அருமை’ போட்டிருந்தார்கள். பின்னால் இன்னும் பலர் போட்டார்கள். யாரும் படிக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். படித்த நானும் அதையேதான் போட்டேன்.

இந்தப் பழக்கத்தை எதிர்த்துத்தான் இந்தக் கட்டுரை. நாம் இதைப் பண்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். பெரியவர் மனம் நோகக்கூடாது, ஆசையாகக் கொடுத்தார், ஒரு வார்த்தை நல்லதாகச் சொன்னால் என்ன குறைந்துபோகிறது என்கிறோம். கூடவே வள்ளுவரையும் இழுத்துவருகிறோம், நன்மை தந்தால் பொய்யும் வாய்மைதானே என்று. அந்தக் குறளில் ஒரு நிபந்தனை இருக்கிறது. விளையும் நன்மை குற்றமற்றதாக இருக்க வேண்டும். என் ‘அருமை’யால் என்ன விளைந்தது என்று சொல்கிறேன்.

2022இல் சார் இரண்டாவது தொகுப்பு போட்டார். ஐந்நூறு பிரதிகள். ஓய்வுபெற்றபோது வந்த பணிக்கொடையில் மிஞ்சியதை எடுத்து ஐயாயிரம் வெள்ளிக்கு மேல் செலவழித்தார். பின்னட்டையில் என் வரி அச்சாகியிருந்தது, பெயரோடு. வெளியீட்டில் மாலை, பொன்னாடை, முதல் நூல் பெறும் பிரமுகர் எல்லாம் இருந்தன. நூற்றிருபது பிரதிகள் போயின. அவற்றில் பாதி, உறைக்குள் பணத்தை வைத்துக் கொடுத்துவிட்டுப் புத்தகத்தை நாற்காலியிலேயே விட்டுப் போனவர்களுடையவை. மீதி அவர் வீட்டுக் கூடத்தில் பெட்டி பெட்டியாக இருந்தன. 2023 மார்ச் வெள்ளத்தில் சாஆ மூழ்கியபோது கீழ்ப் பெட்டிகள் எல்லாம் ஊறிப்போயின.

தண்ணீர் வடிந்த பிறகு உதவிக்குப் போனேன். உப்பிய புத்தகங்களை வெளியே எடுத்துப் போட்டுக்கொண்டிருக்கும்போது சார் சாதாரணமாகக் கேட்டார்: “மொதப் புத்தகத்துல ஒனக்கு எந்தக் கவிதைய்யா ரொம்பப் பிடிச்சிச்சி?”

என்னால் ஒன்றைக்கூடச் சொல்ல முடியவில்லை. “எல்லாமே சார்...” என்று இழுத்தேன். அவர் ஆசிரியர். வீட்டுப்பாடம் செய்யாமல் வந்த பையனின் முகத்தை நாற்பது வருடம் பார்த்தவர். “பரவால்லய்யா” என்று சொல்லிவிட்டு அடுத்த பெட்டியைத் தூக்கினார்.

பொய்யான நன்றியைக் கண்டுபிடிக்க இதைவிட எளிய வழி கிடையாது. அதில் பக்க எண் இருக்காது. எந்தப் புத்தகத்துக்கும் பொருந்தும்படி இருக்கும். சட்டைக்கும் பொருந்தும். அத்தை கொடுத்த சட்டையைப் போடாமலே “ரொம்பப் பிடிச்சிருக்கு அத்தை” என்பவனுக்கு, அடுத்த தீபாவளிக்கும் அதே நிறத்தில் இன்னொரு சட்டை வரும். அத்தை மேல் தப்பில்லை. அவன் சொன்னதை அவர் நம்பினார். சாரும் என்னை நம்பினார். நான் காப்பாற்றியது அவர் மனதை அல்ல, என்னுடைய ஐந்து நிமிடச் சங்கடத்தை. அதற்கான விலையை அவர் பணிக்கொடையிலிருந்து கட்டினார்.

இப்படிச் சொன்னவுடன் எதிர்முகாமிலிருந்து ஒரு கூட்டம் கைதட்டும். ‘முகத்துக்கு நேராகச் சொல்லிவிட வேண்டும்’ என்கிற கூட்டம். இவர்கள் பெருஞ்சித்திரனாரைத் துணைக்கு அழைப்பார்கள். மலைகளைக் கடந்து பரிசில் கேட்டு வந்த புலவரை, அதியமான் நெடுமான் அஞ்சி நேரில் பார்க்காமலே பரிசு கொடுத்தனுப்பினான். புலவர் வாங்க மறுத்துவிட்டார். புறநானூற்றின் 208ஆம் பாட்டு. பார்த்தாயா, தமிழன் பிடிக்காத பரிசை அப்படித் தூக்கி எறிந்தவன் என்பார்கள்.

பாட்டை இன்னொரு முறை படிக்கச் சொல்வேன். புலவர் எங்கேயும் பரிசு மட்டமானது என்று சொல்லவில்லை. பார்க்காமல் கொடுத்ததைத்தான் குறை சொல்கிறார். தகுதி அறிந்து கொடுத்தால் தினையளவு கொடுத்தாலும் இனியதுதான் என்று அதே பாட்டில் சொல்கிறார். அதாவது ஒரு பரிசில் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. கொடுக்கப்பட்ட பொருள் ஒன்று, கொடுத்த செயல் இன்னொன்று. அதியமான் கொடுத்தனுப்பிய பொருளைப் புலவர் குறை சொல்லவில்லை, கொடுத்த விதம்தான் அவரைச் சுட்டது. புலவர் இரண்டையும் குழப்பிக்கொள்ளவில்லை.

எங்கள் சாரின் கதை இதற்கு நேர்மாறு. பொருள் எனக்குப் பிடிக்கவில்லை. கொடுத்த விதத்தில் ஒரு குறையும் கிடையாது. மழையில் வந்தார், நேரில் பார்த்தார், நான் படித்து முடித்த வருடத்தைக்கூட நினைவில் வைத்திருந்தார். இதற்கு நன்றி சொல்ல எனக்கு ஒரு பொய்யும் தேவைப்பட்டிருக்காது. நான் செய்த தவறு, நன்றிக் கடிதத்தையும் மதிப்புரையையும் ஒன்றாக்கியது. நன்றி கேட்ட இடத்தில் சான்றிதழ் கொடுத்தேன். நம் புலனக் குழுக்களில் தினமும் நடப்பது இதுதான்.

நேர்மை என்பது மனதில் இருப்பதையெல்லாம் கொட்டுவது அல்ல. எழுதியதில் பொய் இல்லாமல் இருந்தால் போதும். கேட்காத தீர்ப்பை நன்றிக் கடிதத்தில் எழுத வேண்டிய கடமை யாருக்கும் இல்லை. ஆனால் எழுதுகிற ஒவ்வொரு வாக்கியத்துக்கும், “எந்த இடம்?” என்று அவர் திருப்பிக் கேட்டால் பதில் இருக்க வேண்டும்.

தப்பித்துக்கொள்ளும் வார்த்தைகளும் உதவாது. ‘முயற்சி பாராட்டத்தக்கது’ என்றால் தோற்றுவிட்டாய் என்று அர்த்தம், எழுதுகிற எவருக்கும் அது தெரியும். ‘அட்டை நன்றாக இருக்கிறது’ என்பது அதைவிடக் கேவலம். சாரின் வெண்பாக்களில் ஓரிடத்திலும் தளை தட்டவில்லை. அது உண்மை. ஆனால் அதை மட்டும் சொன்னால், கட்டுரையை விட்டுவிட்டுக் கையெழுத்தைப் பாராட்டிய மாதிரி ஆகும். உண்மையான ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் அதைத் தேட வேண்டும். தேடுவதென்றால் திரும்பப் படிக்க வேண்டும். ‘அருமை’ போடுகிறவர்கள் மிச்சப்படுத்துவது இந்த உழைப்பைத்தான்.

வெள்ளம் முடிந்து ஜொகூர் பாரு திரும்பியதும் முதல் தொகுப்பை மறுபடி எடுத்தேன். 47ஆம் பக்கத்தில், இரண்டு வாழ்த்துப்பாக்களுக்கு நடுவில், ஒரே ஒரு வெண்பா இருந்தது. விடியுமுன்னே பால்வாளியோடு போகும் அம்மா, திரும்பி வரும்போது அவர் கையில் ஒட்டியிருக்கும் காய்ந்த பால், அந்தக் கையாலேயே பிசைந்து ஊட்டிய சோறு. 2019இல் அதைத் தாண்டிப் போயிருக்கிறேன். உட்கார்ந்து கடிதம் எழுதினேன், கையால்.

“அன்புள்ள சார், மூன்றரை வருடம் முன்பு எழுதியிருக்க வேண்டிய நன்றியை இப்போது எழுதுகிறேன். அந்த மழையில் புத்தகம் நனையாமல் என் கையில் கொண்டுவந்து கொடுத்தீர்கள். நான் ஆறாம் ஆண்டு முடித்த வருடம் எனக்கே யோசித்தால்தான் ஞாபகம் வரும். நீங்கள் எழுதியிருந்தீர்கள். 47ஆம் பக்க வெண்பாவைப் பலமுறை படித்துவிட்டேன். கையில் காய்ந்த பாலைப் படித்தபோது என் பாட்டியின் விரல்கள் ஞாபகம் வந்தன. அன்று குழுவில் நான் எழுதியது படித்து எழுதிய வரி அல்ல. அது உங்கள் புத்தகத்தின் அட்டைக்குப் போனதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். வாழ்த்துப்பாக்கள் எனக்குப் பிடிக்கவில்லை சார். 47ஆம் பக்கம் மாதிரி நீங்கள் இன்னும் எழுதியிருந்தால் முதலில் எனக்குக் காட்டுங்கள்.”

வாழ்த்துப்பாக்களைப் பற்றிய அந்த வரி தேவையா என்று ஒரு நண்பர் கேட்டார். 2019இலேயே உண்மையாக எழுதியிருந்தால் தேவைப்பட்டிருக்காது. மழையும் ஆறாம் ஆண்டும் 47ஆம் பக்கமும் போதும், மற்றதை அவரே புரிந்துகொண்டிருப்பார். ஆனால் நான் பொய் சொல்லிவிட்டேன். அதை நம்பி அவர் பணம் போட்டார். பிறகு நேராகவே கேட்டுவிட்டார். அதற்குப் பின்னும் மௌனம் காப்பது இன்னொரு பொய். அந்த வரியில்கூட ‘ஆனால்’ போடவில்லை என்பதைக் கவனியுங்கள். பாராட்டிவிட்டு ‘ஆனால்’ என்று திரும்பினால், முன்னால் சொன்னது எல்லாம் வெறும் சர்க்கரைப் பூச்சு என்று படிப்பவருக்குத் தோன்றிவிடும்.

மூன்று வாரம் பதில் இல்லை. குழுவிலும் அவர் எதுவும் எழுதவில்லை. நோகடித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். நோகவும் செய்திருக்கும், அதை மறைத்து இந்தக் கட்டுரையை முடிக்க எனக்கு விருப்பமில்லை. நேர்மையான நன்றிக்கு இந்த அபாயம் உண்டு.

நான்காவது வாரம் போன் வந்தது. வாழ்த்துப்பாக்களைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. அம்மாவைப் பற்றி அரைமணி நேரம் பேசினார். எந்த நிரையில் பால் வெட்டினார், கொசுவுக்குக் கொளுத்திய கயிறு எப்படிப் புகையும், மழை பெய்தால் அன்றைக்கு எப்படிச் சம்பளம் போகும் என்று. “இதெல்லாம் கவிதைல வருமாய்யா?” என்று கேட்டார். “தெரியல சார், எழுதிப் பாருங்க” என்றேன். நான் அவரிடம் கவிதையைப் பற்றிப் பொய் கலக்காமல் சொன்ன முதல் பதில் அதுதான்.

இப்போது குழுவில் யாராவது புத்தகம் கொடுத்தால் நான் உடனே எதுவும் எழுதுவதில்லை. “கிடைத்தது, நன்றி. படித்துவிட்டு எழுதுகிறேன்” என்று மட்டும் போடுகிறேன். அதன் கீழே மற்றவர்களின் ‘அருமை’கள் வரிசையாக ஏறிக்கொண்டிருக்கின்றன.