எத்தனை மில்லிலீற்றரில்?



நானுஓயாவில் இருந்து ஒரு வாசகி இரண்டு படங்களை அனுப்பியிருந்தார். ஒன்று டவுன் பாமசியில் வாங்கிய காய்ச்சல் பாணி மருந்து. அதன் பெட்டியில் எல்லாம் ஆங்கிலம். மற்றது வளைகுடா நாடொன்றில் வீட்டு வேலைக்குப் போயிருந்த தங்கை லீவில் வரும்போது கொண்டுவந்த சின்னப் போத்தல். அவர் படமெடுத்த பக்கத்தில் எல்லாம் அரபு. "இரண்டும் பரசிட்டமோல்தான் என்று தங்கச்சி சொல்கிறாள். என் மகன் பத்து கிலோ. பாணி முடிந்துவிட்டால் இதிலும் அதே அளவு கொடுக்கலாமா?" என்று கேட்டிருந்தார்.

கொடுக்கக் கூடாது, அக்கா. ஏன் என்பதை இந்தப் பக்கம் முழுவதும் எழுத வேண்டும் என்று தோன்றியது. நம் லயங்களில் இப்படி வெளிநாட்டில் இருந்து வந்த மருந்து இல்லாத வீடு குறைவு.

முதலில் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். வளைகுடாவில் விற்கும் மருந்துப் பெட்டிகளில் பொதுவாக ஒரு பக்கம் அரபும் மறுபக்கம் ஆங்கிலமும் இருக்கும். அரபுப் பக்கத்து எண்களை மட்டும் பார்த்து ஊகிக்க வேண்டாம். அந்த எழுத்தில் ஐந்து என்பது நம் பூச்சியத்தைப் போல ஒரு வட்டம், பூச்சியமோ வெறும் புள்ளி. ஐந்நூறு என்று அச்சிட்டிருந்தால் நம் கண்ணுக்கு ஒரு பூச்சியமும் இரண்டு புள்ளிகளுமாகத்தான் தெரியும்.

ஆங்கிலப் பக்கத்தில் மருந்தின் பெயருக்குக் கீழே இரண்டு எண்கள் சேர்ந்து நிற்கும். பாமசி பாணியில் "120 மில்லிகிராம், 5 மில்லிலீற்றரில்" என்று இருக்கிறது. தங்கை கொண்டுவந்த போத்தலில் "100 மில்லிகிராம், 1 மில்லிலீற்றரில்". அவசரத்தில் பார்ப்பவர் 120ஐயும் 100ஐயும் மட்டும் ஒப்பிட்டு, சின்னப் போத்தல் கொஞ்சம் லேசானது என்று நினைத்துவிடுவார். ஆபத்து இரண்டாவது எண்ணில் இருக்கிறது. மில்லிகிராம் என்பது மருந்தின் அளவு, மில்லிலீற்றர் என்பது அது கரைந்திருக்கும் பாணியின் அளவு. இரண்டையும் சேர்த்து வாசித்தால்தான் மருந்தின் வீரியம் தெரியும்.

மகனின் கணக்கையே போட்டுப் பார்ப்போம். காய்ச்சலுக்குப் பரசிட்டமோல் ஒரு தடவைக்கு, பிள்ளையின் நிறையில் ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். பத்து கிலோப் பிள்ளைக்கு 100 முதல் 150 மில்லிகிராம். பாமசி பாணியில் 5 மில்லிலீற்றர் கொடுத்தால் 120 மில்லிகிராம், அதாவது சரியான அளவு. அதே 5 மில்லிலீற்றரைச் சின்னப் போத்தலில் இருந்து அளந்தால் உள்ளே போவது 500 மில்லிகிராம். பெரியவர்கள் போடும் ஒரு முழு வில்லை அது. அந்தப் போத்தலில் இவனுக்கு உரியது 1.2 மில்லிலீற்றர் மட்டும், அதையும் அந்தப் பெட்டியோடு வந்த துளிக்குழாயால்தான் எடுக்க வேண்டும்.

அந்தச் சின்னப் போத்தலில் இருப்பது கைக்குழந்தைக்கான துளி மருந்து. அது ஏன் இவ்வளவு கடுமையாக இருக்கிறது என்று கேட்கத் தோன்றும். கைக்குழந்தை அதிகம் விழுங்காது. அதனால் கொஞ்சப் பாணிக்குள் மருந்தை அடர்த்தியாக வைக்கிறார்கள். இந்தக் குழப்பம் நம் ஊருக்கு மட்டும் உரியதும் இல்லை. அமெரிக்காவில் கைக்குழந்தைத் துளிகளும் சிறுவர் பாணியும் வெவ்வேறு வீரியத்தில் விற்கப்பட்டு, பெற்றோர் மாற்றிக் கொடுத்துவிட்டதால், 2011இல் தயாரிப்பாளர்கள் இரண்டையும் 5 மில்லிலீற்றரில் 160 மில்லிகிராம் என்ற ஒரே வீரியத்துக்குக் கொண்டுவர முன்வந்தார்கள். அங்கே தாய்மொழியில் வாசித்தவர்களே தடுமாறினார்கள் என்றால், நம் அம்மாமார் மீது குற்றம் சொல்ல என்ன இருக்கிறது?

அளவுக் கோப்பை பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு மருந்தின் கோப்பையை இன்னொன்றுக்கு எடுக்காதீர்கள். வீட்டுத் தேக்கரண்டி ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவு, அது மருந்துக்கு வேண்டாம். பிள்ளையின் கடைசி நிறை கிளினிக் கார்டில் இருக்கிறது. வயதைச் சொல்லி மருந்து கேட்பதைவிட அந்தக் கார்டைக் கொண்டுபோய்க் காட்டிக் கேட்பது நல்லது.

திகதி விஷயம். வளைகுடாப் பெட்டியில் 05/27 என்று இருந்ததாம். அது மே மாதம் 27ஆம் திகதியா என்று வாசகி கேட்கிறார். இரண்டு எண் மட்டும் இருந்தால் அது மாதமும் வருடமும்: 2027 மே. அந்த மாதத்தின் கடைசி நாள் வரை செல்லும். மூன்று எண்ணாக 05/06/27 என்று இருந்தால் நம் நாட்டுப் பழக்கத்தில் ஜூன் 5, அமெரிக்கப் பழக்கத்தில் மே 6. சந்தேகம் வந்தால் முந்தியதையே கடைசி நாளாக எடுத்துக்கொள்ளுங்கள். அருகிலேயே தயாரித்த திகதியும் இருக்கும், அதைக் காலாவதித் திகதி என்று எண்ணிவிடாதீர்கள். இரண்டில் பிந்தியதுதான் காலாவதி. அதுவும் மூடி திறக்காத போத்தலுக்கு மட்டுமே. திறந்த பிறகு எத்தனை நாள் வைக்கலாம் என்பதைப் பெட்டியில் தனியாக எழுதியிருப்பார்கள்.

அரச ஆஸ்பத்திரியில் தரும் உறையில் பெரும்பாலும் சிங்களத்தில் கையால் எழுதியிருக்கும். நம்மில் பலருக்குச் சிங்களம் பேசவும் கேட்கவும் வரும், எழுத்துத்தான் தெரியாது. ஆகவே மருந்து தரும் யன்னலிலேயே ஒருமுறை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். கேட்டதை வீட்டுக்கு வந்த பிறகு அல்ல, அங்கே நின்றே உறையின் பின்பக்கம் தமிழில் எழுதிக்கொள்ளுங்கள்.

எழுதும்போது சொற்களில் கவனம் வேண்டும். "ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை" என்று மட்டும் எழுதினால், காய்ச்சல் விட்ட பிறகும் தூங்கும் பிள்ளையை எழுப்பிக் கொடுப்பார்கள். "நாலு தடவை" என்று மட்டும் எழுதினால், மாலைக்குள்ளேயே நாலையும் முடித்துவிடக்கூடும். அந்த வாசகிக்கு நாங்கள் எழுதி அனுப்பிய துண்டு இது. தோட்ட டிஸ்பென்சரியிலோ பாமசியிலோ காட்டிச் சரிபார்த்த பிறகே, பாமசி பாணியின் போத்தலில் மட்டும் ஒட்டச் சொன்னோம்:

"மகனுக்கு, 10 கிலோ. காய்ச்சல் இருந்தால் மட்டும். ஒரு தடவைக்கு 5 மில்லிலீற்றர். அடுத்த தடவைக்கு முன் குறைந்தது 6 மணித்தியாலம் போக வேண்டும். இரவும் பகலும் சேர்த்து 4 தடவைக்கு மேல் கொடுக்க வேண்டாம். பரசிட்டமோல் உள்ள வேறு மருந்து இதோடு கொடுக்க வேண்டாம்."

கடைசி வரி ஏன் என்றால், பல தடிமல் மருந்துகளிலும் பரசிட்டமோல் கலந்திருக்கிறது. அமெரிக்கா, கொரியா, ஜப்பானில் இருந்து வரும் பெட்டிகளில் அதே மருந்து அசெட்டமினோஃபென் என்ற பெயரில் இருக்கும். கொழும்பில் இருந்து வந்த பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் இன்னொன்றும் பாருங்கள்: பெட்டியில் ஐபுபுரொஃபென், அஸ்பிரின், டைக்ளோஃபெனாக் என்று இருந்தால் கொடுக்காதீர்கள். டெங்குவாக இருந்தால் இரத்தக் கசிவை அவை கூட்டும்.

தவறிக் கூடுதலாகக் கொடுத்துவிட்டால் பிள்ளை விளையாடிக்கொண்டிருக்கிறதே என்று காத்திருக்க வேண்டாம். பரசிட்டமோல் ஈரலைத் தாக்குவது வெளியே தெரிய ஒரு நாளுக்கு மேல் ஆகலாம். மாற்று மருந்தோ முதல் எட்டு மணித்தியாலத்துக்குள் கொடுத்தால்தான் நன்றாக வேலை செய்யும். போத்தலையும் பெட்டியையும் எடுத்துக்கொண்டு, கொடுத்த நேரத்தை ஒரு தாளில் குறித்துக்கொண்டு, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்