பல் முளைத்த பிள்ளையின் இரவுப் பால்

ஒன்றரை வயதுப் பிள்ளையின் மேல்வரிசை முன்பற்களில் சூத்தை கண்டதும் நம்மில் பலர் தாயிடம் முதலில் சொல்வது, “இரவில் பால் கொடுப்பதை நிறுத்துங்கோ.” வன்னிக் கிளினிக்குகளில் இந்த அறிவுரை என்ன விளைவைத் தருகிறது என்பதை அங்கு வேலை செய்கிறவர்கள் அறிவார்கள். பிள்ளை இரவில் அழுகிறது. வீட்டில் பெரியவர்கள் வேப்பெண்ணெய் பூசிப் பால் மறக்கச் செய்கிறார்கள். அடுத்த கிழமையே தாய்ப்பாலின் இடத்தில் பால்மாவும் சீனியும் கலந்த சூப்பிப் போத்தல் வந்துவிடுகிறது. பல்லுக்கு அது தாய்ப்பாலை விடக் கேடானது. குடும்பநல உத்தியோகத்தர்களும் பாடசாலைப் பற்சிகிச்சையாளர்களும் பல்வைத்தியர்களும் ஒரே தாயிடம் வெவ்வேறு விதமாகப் பேசாதிருக்க, இதைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது.

முதலில் ஆய்வுகள் சொல்வதைப் பார்ப்போம். 2015இல் தாம் என்ற ஆய்வாளரும் சகாக்களும் வெளியிட்ட தொகுப்பாய்வின்படி, 12 மாதம் வரை தாய்ப்பால் குடித்த பிள்ளைகளுக்குச் சூத்தை குறைவு. 12 மாதத்துக்குப் பின்னும் தொடர்ந்தவர்களில், குறிப்பாக இரவிலும் அடிக்கடியும் குடித்தவர்களில், அது அதிகம். பிரேசிலின் பெலோட்டாஸ் நகரில் 2004இல் பிறந்த பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2017இல் வெளிவந்தது. அதில் சீனி உட்கொண்ட அளவையும் கணக்கில் எடுத்திருந்தார்கள். 24 மாதமும் அதற்கு மேலும் பால் குடித்தவர்களுக்கு ஐந்து வயதில் கடுமையான சூத்தை ஏற்படும் ஆபத்து 2 மடங்குக்கு மேல் இருந்தது; 13 முதல் 23 மாதம் வரை குடித்தவர்களிடம் அப்படியான வேறுபாடு தெரியவில்லை. ஆகவே ஆபத்து இல்லை என்று தாயிடம் சொல்ல முடியாது. ஆனால் இரண்டு வயதும் அதற்கு மேலும் தாய்ப்பால் கொடுக்கலாம் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரையைக் கைவிடவும் இதில் காரணம் இல்லை.

1999இல் எரிக்சனும் மஷாரியும் ஆய்வுகூடத்தில் செய்த சோதனை இவ்விரண்டையும் பொருத்திப் பார்க்க உதவுகிறது. தாய்ப்பால் தனியாகப் பல் மிளிரியை அரிக்கவில்லை. 10 சதவீதச் சீனியைச் சேர்த்ததும் சீனிக் கரைசல் தனியாக அரித்ததை விட வேகமாக அரித்தது. வாயில் நடப்பதும் ஏறக்குறைய இதுதான். மாலையில் தின்ற சீனியும் மாவும் பல்லில் படலமாக ஒட்டியிருக்க, அதன் மேல் பால் வருகிறது. பிள்ளை தூங்கும்போது உமிழ்நீர் மிகக் குறைந்துவிடுவதால் அமிலம் கழுவப்படாமல் நிற்கிறது. கீழ் முன்பற்களை நாக்கு மூடிக் காக்கிறது. நாக்கடி உமிழ்நீரும் அங்கேயே சுரக்கிறது. மேல் முன்பற்களுக்கு அந்தக் காவல் இல்லை. மேலே நான்கு பல்லும் கெட்டிருக்கக் கீழே நான்கும் நன்றாக இருக்கும் வாயைக் கண்டால் காரணம் இதுவே.

புளியங்குளம் போன்ற ஓர் ஊரின் கிளினிக்கில் 18 மாத ஊசிக்கு வரும் ஒரு பிள்ளையை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். நிறை குறைவு என்பதால் திரிபோஷா கிடைக்கிறது. வீட்டில் அதைச் சீனியும் தேங்காய்ப்பூவும் சேர்த்து உருண்டையாகப் பிடித்துக் கொடுக்கிறார்கள். இரவு எட்டு மணிக்கு இடியப்பம், ஒன்பது மணிக்கு ரஸ்க் தோய்த்த இனிப்புப் பிளேன்ரீ, பிறகு தாயோடு பாயில் படுக்கை. பிள்ளை மூன்று நான்கு தரம் விழித்துப் பால் குடிக்கும். விடியப்புறத்தில் மார்பு வாயில் இருக்கவே தூங்கிவிடும். பல் துலக்குவது காலையில் மட்டும், விரலும் தண்ணீரும் கொண்டு.

தாயும் நாமும் முழங்கால் முட்ட எதிரெதிரே அமர்ந்து, பிள்ளையின் தலையை நம் மடியில் வாங்கி, மேலுதட்டை உயர்த்துவோம். ஈரமாக இருக்கும்போது ஒன்றும் தெரியாது. துணியால் துடைத்துக் காயவிட்டால் முரசு ஓரமாகப் பிறை வடிவில் சுண்ணாம்பு நிறக் கோடு தெரியும். பல்லின் உட்புறத்தையும் பார்க்க வேண்டும். பழுப்பு நிறம் பெரும்பாலும் முதலில் அங்கேதான் தென்படும். நீரில் புளோரைட் மிகுந்த கிணறுகள் உள்ள வவுனியா மாவட்டத்தில் இந்தக் கோட்டைப் புளோரைட் கறை என்று விட்டுவிடுகிறவர்கள் உண்டு. பால் முன்பற்களின் மிளிரி பெரும்பகுதி தாயின் வயிற்றிலேயே உருவாகிவிடுவதால் அவற்றில் புளோரைட் கறை அரிது. முரசோரக் கோடு மங்கலாகவும் சொரசொரப்பாகவும் இருந்து, அதன் மேல் அழுக்குப் படலமும் ஒட்டியிருந்தால் அது சூத்தையின் தொடக்கம். அந்தக் கட்டத்தில் அதை மீட்கலாம்; ஓட்டை விழுந்த பின் மீட்க முடியாது.

இந்தத் தாயிடம் மாற்றச் சொல்ல வேண்டியது மாலை ஒழுங்கை. இனிப்பு உருண்டையும் பிளேன்ரீயும் பகல் உணவோடு போகட்டும். சீனி குறையக் குறைய நல்லது. இடியப்பம் முடிந்ததும் பல் துலக்க வேண்டும். அதன் பின் விடியும் வரை வாய்க்குள் தாய்ப்பாலும் தண்ணீரும் தவிர வேறெதுவும் போகக் கூடாது. சிரப் மருந்து கொடுக்க வேண்டியிருந்தால் துலக்குவதற்கு முன் கொடுக்கலாம். தூரிகை சிறியதாக இருக்க வேண்டும். பசை ஓர் அரிசிமணி அளவு போதும். அதில் 1000 பிபிஎம் புளோரைட் உண்டா என்று குழாயில் பார்த்து வாங்கச் சொல்லுங்கள், சிறுவர் பசைகள் சிலவற்றில் அது குறைவு. துலக்கிய பின் வாய் கொப்பளிக்கத் தேவையில்லை, மிஞ்சிய நுரையைத் துடைத்துவிட்டால் போதும்.

ஒவ்வொரு இரவுப் பாலுக்குப் பின்னும் எழுந்து பல் துலக்குமாறு சொல்வதை நாம் நிறுத்த வேண்டும். தூக்கமில்லாத தாய் அதைச் செய்யமாட்டாள். செய்ய முடியாததைச் சொன்னால் செய்யக்கூடியதையும் விட்டுவிடுவாள். பிள்ளை விழுங்குவதை நிறுத்தி வெறுமனே சப்பத் தொடங்கும்போது கடைவாயில் விரலை விட்டு மார்பை எடுத்துவிடச் சொல்லலாம். அசையாமல் கிடந்தால் தலைமாட்டில் வைத்த ஈரத் துணியால் மேற்பற்களை ஒருதரம் துடைக்கலாம். விழித்துவிடும் என்றால் விட்டுவிடட்டும். காலையில் எழுந்தவுடன் துலக்குவதைத் தவறவிடாதிருந்தால் போதும்.

இங்கே தண்ணீரில் ஏற்கெனவே புளோரைட் இருக்க, பசை எதற்கு என்று கேட்பவர்களுக்குக் கணக்கு இது. அரிசிமணி அளவுப் பசை முழுவதையும் விழுங்கினாலும் உள்ளே போவது ஏறக்குறைய 0.1 மில்லிகிராம். லீற்றருக்கு 1.5 மில்லிகிராம் உள்ள கிணற்று நீரில் அரை லீற்றர் குடித்தால் 0.75 மில்லிகிராம். கிணறு அந்த அளவைத் தாண்டினால் மாற்ற வேண்டியது குடிநீரை. வன்னியின் பல ஊர்களில் இப்போது வடிகட்டிய ஆர்ஓ நீர்தான் குடிக்கிறார்கள்; அதில் புளோரைட் பெரும்பாலும் நீங்கிவிடும். தாய் எந்த நீரைக் குடித்தாலும் தாய்ப்பாலில் புளோரைட் மிகச் சொற்பமே. ஆகவே பசையை விலக்கினால் அந்தப் பிள்ளையின் பல்லுக்கு வேறு காப்பு இல்லை.

உதாரணப் பிள்ளைக்கு அன்றே புளோரைட் வார்னிஷ் பூசி, மூன்று மாதத்தில் மீண்டும் பார்க்க வேண்டும். கோடு வழவழப்பாகிப் பளபளத்து, முரசிலிருந்து சற்று விலகி நின்றால் சூத்தை நின்றுவிட்டது. இரவுப் பாலைத் தாய் விரும்பும் வரை தொடரலாம். மங்கலும் படலமும் அப்படியே இருந்தால் மாலைத் துலக்கல் நடக்கவில்லை, அல்லது சீனி வேறு வழியில் வருகிறது என்று பொருள். இரண்டும் சரியாக நடந்தும் கோடு பரவுகிறது என்றால்தான் இரவில் குடிக்கும் தடவைகளைப் படிப்படியாகக் குறைப்பதைப் பற்றித் தாயோடு பேச வேண்டும்.

பல்லுக்கொழுக்கட்டை கொட்டும் நாளே தூரிகை தொடங்கும் நாள் என்று 9 மாத ஊசியின்போது தாயிடம் சொல்லுங்கள். 12, 18 மாத ஊசிகளுக்கு வரும் ஒவ்வொரு பிள்ளையின் மேலுதட்டையும் உயர்த்திப் பாருங்கள். கண்டதைப் பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டில் எழுதிவிடுங்கள். அடுத்துப் பார்ப்பவர் வேறொருவராக இருக்கலாம்.